அவர் திக்கவில்லை, திருத்திக்கொண்டார்

குற்றாலத்தில் சாரல் காலத்தில் நாங்கள் நடத்திய இரண்டு நாள் முகாமில் இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். இன்னொருவர் தென்காசிக்கு மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த அக்கா. வயல் வேலை, பீடி சுற்றுதல், பிறகு சங்க வேலை என்று ஐம்பது வருடம் ஓடியவர். இரண்டு உரைகளையும் கைப்பேசியில் பதிவு செய்தோம். ஒரு ஆங்கில இதழ் இரண்டையும் மொழிபெயர்த்துத் தரச் சொன்னது.

பேராசிரியரின் உரையில் நிமிடத்துக்கு நாலு தடவை ‘வந்து’ வந்தது. ‘பார்த்தீங்கன்னா’, ‘அதாவது’, ‘ஒரு மாதிரியான’ எல்லாம் இருந்தன. பாதியில் விட்ட வாக்கியங்கள் பல. நம் பிள்ளைகள் அவற்றை மரியாதையாக எடுத்துவிட்டு, அறுந்த வாக்கியங்களை முடித்துக் கொடுத்து, படிக்க அருமையான ஒரு கட்டுரையாக ஆக்கினார்கள். அக்காவின் உரையை யாரும் எழுத்தில் இறக்கவே இல்லை. இரண்டு மாணவர்கள் காதில் கேட்டுக்கொண்டே நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினார்கள். ஐம்பத்திரண்டு நிமிடப் பேச்சு நாலு பக்கம் ஆனது. ஏன் என்று கேட்டோம். “அக்கா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றாங்க, நிறைய திக்குறாங்க, சாரத்தை எடுத்துட்டோம்” என்றார்கள்.

சாரம்! பேராசிரியருக்கு முழுப்பேச்சு, அக்காவுக்குச் சாரம். நம் முகாமில், நம் கையால், நம் பிள்ளைகள் செய்தது இது. வெளியிலிருக்கும் ஆதிக்க சாதி ஊடகத்தைத் திட்டுவதற்கு நமக்கு நிறைய வாய் இருக்கிறது. இந்தத் தடவை திட்டு நமக்குத்தான்.

அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். முதலில் ஒலியை எழுத்தாக்குவது. பிறகு, தேவையற்ற ஒட்டுச்சொற்களையும் தவறான தொடக்கங்களையும் நீக்குவது. அதற்குப் பிறகுதான் மொழிபெயர்ப்பு. இந்த வரிசையில் முதல் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன போகிறது என்பதை ஒரே ஒரு இடத்தை வைத்துச் சொல்கிறோம்.

பதினெட்டாவது நிமிடத்தில் அக்கா தன் சின்ன வயதில் நடந்த ஒரு கூலிச் சண்டையைச் சொல்கிறார். மாணவர்களின் ஆங்கிலத்தில் அது ஒரே வாக்கியம். கூலி கேட்கத் தன் தாய்க்கு உரிமையில்லை என்று நிலவுடைமையாளர் கூறினார் என்பது அதன் பொருள். தப்பு என்று சொல்லிவிட முடியாது. நாங்கள் முழுதாக எழுதி எடுத்தபோது கிடைத்தது இது:

“[18:40] அப்ப அந்த மொதலாளி வந்து எங்ககிட்ட சொன்னாவ... (நிறுத்தம்) சொன்னான். சொன்னான் என்ன, ஏட்டி, கூலி கேக்கதுக்கு ஒனக்கு, எனக்கு, எங்கம்மாவுக்கு, எங்கம்மாவப் பாத்துத்தான் சொன்னான், கூலி கேக்கதுக்கு ஒனக்கு என்ன யோக்கியதன்னு. ரெண்டு படி, இல்ல, ஒன்றரப் படி நெல்லுதான், பாத்துக்கிடுங்க.”

இதில் எது குப்பை, எது பேச்சு?

முதலில் ‘சொன்னாவ, சொன்னான்’. முதல் தடவை எழுதி எடுத்த தம்பி இதை ‘சொன்னா... சொன்னான்’ என்று எழுதியிருந்தார். அப்படிப் பார்த்தால் சாதாரணத் திக்கல், வெட்டிவிடலாம். அவர் மேல் பிழையில்லை. முகாம் நடந்த மண்டபத்துக்கு அருவி இரைச்சல் நன்றாகக் கேட்கும். பதிவு முழுக்க அந்த இரைச்சல். அதனால் ஆடாசிட்டி மென்பொருளில், பேச்சில்லாத சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று காட்டி, மொத்தப் பதிவிலிருந்தும் அதைக் கழித்திருந்தார். மின் ரீங்காரம் போல ஒரே சீராக, குறுகிய சுருதியில் இருக்கும் சத்தத்துக்கு இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். அருவி இரைச்சல் அப்படியல்ல. அது தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பரவிக் கிடப்பது. அதை ஓங்கிக் கழித்தால் மெல்லிய மெய்யொலிகளும் சொல்லின் கடைசியில் தேய்ந்து முடியும் ஒலிகளும் சேர்ந்தே போய்விடும். பேச்சு நீருக்குள்ளிருந்து வருவது போலக் கேட்க ஆரம்பித்தால், கழித்தது அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம். மூலக் கோப்பை ஹெட்போனில் வேகம் குறைத்துக் கேட்டோம். இரைச்சலுக்கு நடுவே அந்தக் கடைசி ‘வ’ தெளிவாக இருந்தது.

நெல்லைச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளியூர்த் தோழர்களுக்காக: ‘அவுக சொன்னாவ’ என்பது மரியாதைப் பன்மை. ‘அவன் சொன்னான்’ என்பது ஒருமை. அக்கா ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காட்சிக்குள் போகிறார். போனதும் அந்த வயதின் நாக்கு வந்துவிடுகிறது. சேரிப் பிள்ளை நிலக்காரரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்தார்களோ, அப்படியே ‘சொன்னாவ’ என்று வாயில் வருகிறது. அங்கே நிறுத்துகிறார். பதிவில் கிட்டத்தட்ட இரண்டு நொடி அமைதி. பிறகு ‘சொன்னான்’. அதோடு விடாமல் மறுபடியும் ‘சொன்னான்’.

இலக்கணத்தின் கண்ணில் இது தவறான தொடக்கம். வாசிப்புப் படிக்கான படியெடுப்பு விதிமுறைகள் வழக்கமாக, பேசுபவர் தன்னைத் திருத்திக்கொண்டால் திருத்திய வடிவத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லும். அந்த விதிப்படி ‘சொன்னாவ’ போய்விடும். போனால் மிஞ்சுவது, எப்போதும் அவனை ‘அவன்’ என்றே சொல்லிவந்த ஒரு துணிச்சல்காரப் பெண். அது பொய். மாணவர்கள் செய்தது போல நேரடியாக ஆங்கிலத்துக்குப் போனால் இதைவிட மோசம். ஆங்கிலத்தின் ‘ஹி’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ‘அவுக’, ‘அவர்’, ‘அவன்’ மூன்றும் அடங்கிவிடுகின்றன. இழப்பு நடந்தது என்பதற்கான தடயம்கூடப் பக்கத்தில் இருக்காது. எழுத்துப்படி கையில் இருந்ததால்தான் எங்கள் கண்ணில் பட்டது. கடைசியில் ஆங்கிலத்தில் முதல் வினைக்கு ‘முதலாளி ஐயா’ என்பதை அப்படியே ஒலிபெயர்த்து வைத்தோம். பிறகு ஒரு நீண்ட கோடு. இரண்டாவது வினைக்கு ‘அந்த ஆள்’ என்ற தொனி வரும் மட்டான சொல். கீழே ஒரே ஒரு வரிக் குறிப்பு. முழுமையாக வந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்த முறிவு பக்கத்தில் தெரிகிறது.

அடுத்தது ‘வந்து’. தமிழ்ப் பேச்சில் இதைப் போல ஏமாற்றுகிற சொல் வேறில்லை. ‘மொதலாளி வந்து எங்ககிட்ட சொன்னாவ’ என்றால், முதலாளி நடந்து வந்து சொன்னாரா, அல்லது வெறும் இழுவையா? மாணவர்கள் இழுவை என்று எடுத்துக்கொண்டார்கள். இழுவையான ‘வந்து’ வழக்கமாக எழுவாயோடு ஒட்டி, அழுத்தமில்லாமல், பாதி விழுங்கப்பட்டு வரும், அதற்குப் பின்னால் சின்ன இடைவெளி இருக்கும். வினையான ‘வந்து’ முழு நீளத்தில், அடுத்த சொல்லோடு சேர்ந்து ஓடும். இங்கே அது பின்னால் ஓடுவது போலக் கேட்டது, ஆனால் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. காதால் தீராத இடம். அக்காவிடமே கேட்டோம். “வந்தாம்லா! தெருவுக்குள்ளயே வந்தான், செருப்புக் காலோட. எங்க தெருவுல எல்லாரும் நின்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தாவ” என்றார்.

மூணு எழுத்துச் சொல்லுக்குள் ஒரு தெரு முழுக்க நின்றுகொண்டிருந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் படித்த தோழர்களுக்கு இது எங்கே போய்த் தொடும் என்று புரியும். பிரிவு 3(1)(s) பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைக் குற்றமாக்குகிறது, ஆனால் அது பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் நாலு சுவருக்கு நடுவே சொன்னதா, தெருவில் ஊர் பார்க்கச் சொன்னதா என்பதில் வழக்கு நிற்கும் அல்லது விழும். அக்கா சொன்னது அந்தச் சட்டமே இல்லாத காலத்துக் கதை. ஆனால் இதே காதும் இதே கையும்தான் நாளைக்கு ஒரு பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தை எழுதப் போகிறது. ‘வந்து’வை இழுவை என்று வெட்டுகிற கை, ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்றும் நாகரிகமாக எழுதும். எந்த வார்த்தை என்பதுதானே குற்றமே! அந்தச் சொல்லை அப்படியே எழுத நமக்குக் கை கூசினாலும் எழுதித்தான் ஆக வேண்டும். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பிரிவு 15ஏ(10), இந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் அனைத்தும் காணொளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு இருக்கும் இடத்தில் அதைப் பிசகாமல் எழுத்தாக்கத் தெரிந்த ஆட்களும் நம் பக்கம் வேண்டும். இதோடு இன்னொன்று: வழக்குக்கான எழுத்துப்படியில் ஒரு ‘ம்’மைக்கூட நீக்கக் கூடாது. நீக்குவதெல்லாம் வாசிப்புக்கான படிக்கு மட்டும்.

மூன்றாவது, ‘ஒனக்கு, எனக்கு, எங்கம்மாவுக்கு’. யாரைப் பார்த்துச் சொன்னான் என்பதில் அக்கா தடுமாறுகிறார் என்றுதான் தோன்றும். நாங்களும் கடைசி வடிவத்தை மட்டும் வைக்க இருந்தோம். கேட்டபோது சொன்னார்: அப்போது அவருக்கு ஒன்பது வயது, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்த வார்த்தை தன் மேலும்தான் விழுந்ததாம். அதனால் அதையும் விட்டுவைத்தோம்.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதையுமே வெட்டக் கூடாது என்று சொல்லவருகிறோம் என நினைக்க வேண்டாம். ‘ரெண்டு படி, இல்ல, ஒன்றரப் படி’ என்பதை வாசிப்புப் படியில் ‘ஒன்றரைப் படி’ என்று சுருக்கினோம். நினைவு சறுக்கி உடனே சரிசெய்துகொண்ட எண் அது, அதில் வேறெதுவும் இல்லை. ‘ம்’, ‘இந்த’, ‘அப்புறம் அப்புறம்’ எல்லாம் போயின. ‘பாத்துக்கிடுங்க’ ஐம்பது தடவைக்கு மேல் வந்தது. கூட்டத்தை நேராகப் பார்த்து, வேண்டுமென்றே அழுத்திச் சொன்ன ஏழு இடங்களில் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தோம். பேச்சில் காதுக்குத் தெரியாமல் நழுவிப்போகிற இந்தச் சொற்கள் எழுத்தில் ஏறியதும் பல்லில் சிக்கும் கல் ஆகிவிடுகின்றன. வாசிக்கிறவர், பேசியவர் தெளிவில்லாதவர் என்று முடிவு கட்டிவிடுவார். அது பேசியவருக்குச் செய்கிற அநியாயம்.

இங்கேதான் நம் சண்டை இருக்கிறது. இரண்டு விதமான அநியாயம் நடக்கிறது, இரண்டும் ஒரே ஆட்களுக்கு நடக்கிறது. ஒன்று, தேய்த்துக் கழுவிச் சாரம் ஆக்குவது. மற்றது, ‘மண்ணின் மொழி’ என்று கொஞ்சிக்கொண்டு ஒரு இழுவைகூட விடாமல் அச்சில் ஏற்றுவது. பேராசிரியரும் ‘பாக்குறோம்’ என்றுதான் பேசினார். அவரை ‘பார்க்கிறோம்’ என்று எழுதினார்கள். அக்கா ‘பாக்குதோம்’ என்றால் ‘பாக்குதோம்’ என்றே எழுதி, அழகு என்கிறார்கள். அவர் ‘வாளப்பளம்’ என்றார், இவரும் ‘வாளப்பளம்’ என்றார். ஒருவருக்கு மட்டும் ‘ழ’ தானமாகக் கிடைத்தது. நாங்கள் வைத்த விதி எளிது: ஒரே முகாமில் பேசிய இருவருக்கும் ஒரே சலுகை. வட்டார வினைமுற்றுகளை வைப்பதென்றால் பேராசிரியருக்கும் வை. எழுத்துத் தமிழாக்குவதென்றால் அக்காவுக்கும் ஆக்கு. பேராசிரியரின் உரையை இந்த விதிப்படி மறுபடி செய்து அவருக்கு அனுப்பியபோது, மனிதர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார். தன் ‘வந்து’களை முதன்முதலாக எழுத்தில் பார்த்திருக்கிறார்.

(இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கிளீன்’ செய்வது என்று பெயர். தமிழில் துப்புரவு என்று எழுதினோம், எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேச்சைச் சுத்தம் செய்யும் வேலைக்கு மட்டும் ஏன் எப்போதும் மற்றவர்கள் வருகிறார்கள் என்று ஒரு தங்கை கேட்டாள்.)

சமூகவியலில் இது புதிய பேச்சு இல்லை. உரையாடல்களை நொடியின் பத்தில் ஒரு பங்கு மௌனம்வரை குறித்தெடுக்கும் முறையை கெயில் ஜெஃபர்சன் உருவாக்கினார். எலினோர் ஓக்ஸ் 1979இல் எழுதிய கட்டுரை, எழுத்துப்படி என்பதே ஒரு கோட்பாட்டுத் தேர்வு என்றது. எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதில் நம் பார்வை ஏற்கெனவே நுழைந்துவிடுகிறது. வகுப்பில் இதைப் படித்து மதிப்பெண் வாங்கிய நாங்கள், முகாமில் இதையே மறந்தோம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே ஒரு கிராமத்தில், விவசாயக் கூலியும் மருத்துவச்சியுமான வீரம்மாவின் வாழ்க்கையை ஜோசியான் ரசீன் பல ஆண்டுகள் தமிழில் பதிவு செய்தார். ழான்-லுக் ரசீனுடன் சேர்ந்து அதை 1995இல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார். அந்தப் பிரெஞ்சிலிருந்து 1997இல் ஆங்கிலத்துக்குப் போனது. அட்டையில் முதல் பெயர் வீரம்மாவுடையது. பதிவு செய்தவர் பெயரே ஆசிரியர் பெயராகிவிடும் உலகத்தில் இது பெரிய காரியம், மதிக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேட்டவரின் கேள்விகள் நீங்கி, வீரம்மா தானாகத் தொடர்ந்து பேசுவது போல அந்தப் பிரதி ஓடுகிறது. கேள்வியை எடுத்துவிட்டால், பதிலில் உள்ள தயக்கம் எதற்கானது என்று தெரியாது. ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர், வீரம்மா எந்த இடத்தில் எந்த மரியாதை விகுதியைப் போட்டார் என்று தேட வேண்டுமானால், இரண்டு மொழி தாண்டிப் பின்னால் போக வேண்டும்.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1981 பிப்ரவரியில் மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கணக்கான தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியபோது, நாடு முழுவதிலுமிருந்து ஆட்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து இறங்கினார்கள். ஏன் மாறினீர்கள் என்ற கேள்விக்கு மக்கள் தமிழில், இந்தச் சீமைத் தமிழில் பதில் சொன்னார்கள். தீண்டாமை, மரியாதை என்று அவர்கள் சொன்னதற்குப் பக்கத்திலேயே வளைகுடாப் பணம் என்ற விளக்கமும் டெல்லிவரை போனது. அந்தப் பதில்களைப் பெரும்பாலும் மற்றவர்களின் சுருக்கமாகத்தான் நாம் இன்று படிக்கிறோம். அதில் எந்த ‘சொன்னாவ’ எந்த ‘சொன்னான்’ ஆனது என்று யார் சொல்ல முடியும்?

அம்பேத்கர் 1955இல் பிபிசி வானொலிக்குக் கொடுத்த நேர்காணலில், காந்தி ஆங்கில இதழில் எழுதியதையும் குஜராத்தி இதழில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்கிறார். இரண்டு மொழியிலும் ஒரே ஆள் வேறு வேறு ஆளாகத் தெரிவார் என்பது அவர் வாதம். இரண்டு பிரதியும் கையில் இருந்தால்தான் இந்த வேலையைச் செய்ய முடியும். அதனால்தான் மூலத்தை அழித்துவிட்டுச் சாரத்தை மட்டும் வைத்துக்கொள்வதை நாங்கள் எதிர்க்கிறோம்.

எங்கள் நடைமுறை இப்போது இப்படி இருக்கிறது. பதிவுக் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டுமே கை வைக்கிறோம். ஒருவர் முழுதாக எழுதுகிறார், நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் குறிக்கிறார். சிரிப்பு, அழுகை, நீண்ட மௌனம் எல்லாம் அடைப்புக்குறிக்குள். கேட்காத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் ‘கேட்கவில்லை 21:15’ என்று விடுகிறார். இன்னொருவர், அந்த வட்டாரப் பேச்சு தெரிந்தவர், ஒலியோடு ஒப்பிட்டுப் படிக்கிறார். ஒரு மணி நேரப் பேச்சுக்கு இதற்கே எங்களுக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகிறது. அந்தக் கோப்பு அப்படியே பூட்டப்படும். அதன் நகலில்தான் நீக்கல். அதிலும் உடனே அழிப்பதில்லை, நடுவே கோடு போடுகிறோம். கோடு போட்ட இடங்களைத் தவிர்த்து ஒருவர் உரக்கப் படிப்பார். பேசியவரின் குரல் மாறிவிட்டதாகத் தோன்றினால் கோட்டை எடுத்துவிடுவோம். சந்தேகமான இடங்களைப் பட்டியல் போட்டுப் பேசியவரிடமே போவோம். மொழிபெயர்ப்பவர் சுருக்கிய படியிலிருந்து வேலை செய்தாலும், முழுப்படி பக்கத்தில் திறந்திருக்கும், ஒலி காதில் இருக்கும்.

கடைசியில் ஆங்கிலத்தை வாய்மொழியாகத் தமிழாக்கி அக்காவுக்குப் படித்துக் காட்டினோம். பதினெட்டாவது நிமிடம் வந்தது. ‘முதலாளி ஐயா சொன்னார்கள்’ என்று படித்து, நிறுத்தி, ‘அந்த ஆள் சொன்னான்’ என்று படித்தோம். அக்கா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

“அந்த ‘ஐயா’வ எடுத்துருங்களேன். இங்கிலீசுலயாவது இல்லாம இருக்கட்டும்.”

எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே இத்தனை பாடு. ஒரு வாரம் விவாதித்தோம். சொல் அவருடையது, எடுக்கச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்று ஒரு பக்கம். நடந்ததை மறைக்கிறோம் என்று ஒரு பக்கம். மறுபடி போய், அது ஏன் இருக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம் என்பதைச் சொன்னோம். நீங்கள் திக்கவில்லை அக்கா, திருத்திக்கொண்டீர்கள், அதைத்தான் காட்டுகிறோம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் பீடி இலையை வெட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, “அப்படின்னா ‘சொன்னான்’ங்கிறத மூணு தடவ போடுங்க” என்றார்.

பதிவில் அடுத்தடுத்து இரண்டுதான் இருக்கிறது. ஆங்கிலப் படியில் மூன்று போட்டோம். மூன்றாவது, படித்துக் காட்டியபோது பேசியவர் சேர்த்தது என்று கீழே தேதியோடு குறித்திருக்கிறோம்.